சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் வேலை அறிவிப்புகளை எண்ணிப் பாருங்கள்

நமது கல்வி உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பாதுகாப்பு அதிகாரி படிப்புக்கானவை கூடிவருகின்றன. பெரும்பாலும் டிப்ளமோ முடித்த தம்பிகள். வளைகுடா நாட்டில் சேஃப்டி ஆபிசர் வேலைக்கு நெபோஷ், ஐயோஷ், ஓஷா மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தருவதாகப் பயிற்சி நிலையம் சொல்லியிருக்கும். வீட்டில் உம்மாவின் நகை அடகுக்குப் போகத் தயாராக இருக்கும். குறைவதை அறக்கட்டளை அழகிய கடனாகத் தர வேண்டும் என்று கேட்பார்கள். இப்போது நாம் அவர்களிடம் முதலில் ஒரு வேலை கொடுக்கிறோம்: வேலை அறிவிப்புகளை எண்ணி வாருங்கள்.

எண்ணும் முறை எளிது. ஒரே பதவி, ஒரே பகுதி, கடந்த ஒரு மாதம் என்று எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். வேலைவாய்ப்புத் தளத்தில் safety officer என்று தேடி, ஐம்பது அறும்பது அறிவிப்புகளைச் சேகரிக்கலாம். ஒரே காலியிடத்தை நான்கு ஏஜென்சிகள் போட்டிருந்தால் அது ஒன்றுதான். பயிற்சி நிலையங்கள் “வேலை உறுதி” என்று போடும் விளம்பரங்களை நீக்கிவிட வேண்டும். அவை ஆள் தேடுபவை அல்ல, மாணவரைத் தேடுபவை.

மீதியை நோட்டில் மூன்று கட்டமாகப் பிரியுங்கள். required, must, mandatory என்றால் ‘கட்டாயம்’. preferred, added advantage என்றால் ‘இருந்தால் நல்லது’. பேச்சே இல்லையென்றால் ‘கேட்கவில்லை’. “நெபோஷ் அல்லது ஐயோஷ்” என்று எழுதியிருந்தால் இரண்டையும் நடுக்கட்டத்தில் போடுங்கள். எது ஒன்றும் கட்டாயமில்லை அல்லவா?

முறை விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. நாற்பது அறிவிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். நெபோஷ் கட்டாயம் 22, இருந்தால் நல்லது 8, கேட்காதவை 10. ஐயோஷ் கட்டாயம் 1, நல்லது 9. ஓஷா கட்டாயம் 2, நல்லது 7. இதிலிருந்தே மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டத் தேவையில்லை என்று தெரிகிறது. ஐயோஷின் மேனேஜிங் சேஃப்லி என்பது மேலாளர்களுக்கான சில நாள் வகுப்பு. ஓஷா 30 மணி நேர வகுப்போ சான்றுத் தகுதி அல்ல என்று அதை நடத்தும் அமெரிக்க அரசுத் துறையே சொல்கிறது.

“அப்படியானால் நெபோஷ் மட்டும் கட்டிவிடலாமா?” என்று உடனே கேட்பார்கள். பலர் எண்ணிக்கையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த 22 அறிவிப்புகளையும் இன்னொரு முறை படிக்க வேண்டும். அதில் 13 ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கின்றன. 6 வளைகுடா அனுபவம் கேட்கின்றன என்று வைப்போம். இரண்டு ஆண்டு தொழிற்சாலை அனுபவம் மட்டுமுள்ள தம்பிக்கு மிச்சம் 3. நெபோஷ் கேட்காத 10-லும் அவர் அனுபவத்துக்குப் பொருந்துவது 4 இருக்கலாம். அதாவது, இன்று அந்தச் சான்றிதழ் அவருக்குத் திறக்கும் கதவுகள் 22 அல்ல, 3. அவரைத் தடுப்பது சான்றிதழ் இல்லாமை அல்ல, அனுபவக் குறைவு.

இப்படிக் கணக்கு வந்தால் நாம் சொல்லும் யோசனை: முதலில் உள்ளூர்க் கட்டுமானத் தளத்திலோ தொழிற்சாலையிலோ பாதுகாப்பு உதவியாளராகச் சேர்ந்து அனுபவம் சேருங்கள். நெபோஷ் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை என்பதால் இன்றே வாங்கி வைத்தாலும் கெடாது. ஆனால் கடன் தவணை இன்றே தொடங்கிவிடும். அனுபவம் நிறையும் தறுவாயில் மறுபடி எண்ணிப் பார்த்துக் கட்டலாம். ஐந்து ஆண்டு அனுபவமுள்ளவருக்கோ கணக்கு தலைகீழ்: அவருக்கு அந்த 13-ம் திறக்கும். அவருக்குத் தாமதமே நட்டம்.

இந்த எண்ணிக்கைக்கு எல்லையும் உண்டு. நாற்பதில் இரண்டு மூன்று வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. 22-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். அறிவிப்பில் எழுதாமல் நேர்காணலில் கேட்பதும் உண்டு. ஆகவே அங்கு அதே வேலையில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம், “உங்களைச் சேர்க்கும்போது எந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள்?” என்று விசாரியுங்கள்.

கட்டுவது என்று முடிவானால், அந்தப் பயிற்சி நிலையம் நெபோஷ் அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று நெபோஷின் சொந்த இணையதளப் பட்டியலில் பாருங்கள். நிலையத்தின் சுவரில் மாட்டிய சட்டகம் போதாது.

கல்விக் கடன் கேட்டு வருவோர் இனி எண்ணிய நோட்டையும் உடன் கொண்டு வரவும். எண்ணத் தெரியாதவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் சரி; அலுவலகத்தில் சேர்ந்து உட்கார்ந்து எண்ணுவோம்.