கொல்லிமலைப் பள்ளிக்கு ஒரு பக்க அறிமுகம்: ஓய்வுபெற்ற இன்ஜினியர் வீட்டுக்குச் சில குறிப்புகள்

வீட்டில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருந்து, "கொல்லிமலைப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லித் தரலாம்னு இருக்கேன்" என்று கிளம்பினால், முதலில் அவர் கையில் ஒரு பேப்பரையும் பேனாவையும் கொடுங்கள், தோழிகளே. பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய அறிமுகக் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டால், வீண் பஸ் செலவும் அலைச்சலும் மிச்சம்.

1. குறிப்பு ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், அதுவும் தமிழில். சத்துணவுக் கணக்கு, எமிஸ் பதிவு என்று ஓடிக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் நின்றபடியே படிக்கிற அளவுதான் சரியான அளவு. வேலை தேடும்போது போட்ட நாலு பக்க பயோடேட்டாவை அப்படியே நகல் எடுத்து நீட்டினால், அது மேஜை இழுப்பறைக்குப் போய்விடும்.

2. பதவி உயர்வு, பாராட்டுச் சான்றிதழ், எத்தனை கோடி ரூபாய் திட்டம் என்பதையெல்லாம் முதலில் அடித்துவிடுங்கள். "எந்த வேலை பார்த்தார்" என்பதற்கு ஒரு வரி போதும். மிச்ச இடம் முழுக்க "எந்த வகுப்புக்கு எதைச் சொல்லித் தருவார்" என்பதற்குத்தான்.

3. பார்த்த வேலையைப் பாடமாக மாற்றி எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மின்வாரியக்காரர் "துணைமின் நிலையப் பராமரிப்பு" என்று எழுதுவதை விட, "ஃபியூஸ் ஏன் போகிறது, எர்த் கம்பி எதற்கு" என்று எழுதட்டும். குடிநீர் வாரியத்தில் இருந்தவர், 10 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் எவ்வளவு, அதே தொட்டி பாதி உயரத்தில் இருந்தால் குழாயில் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். நெடுஞ்சாலைத் துறைக்காரருக்கோ பாடம் மலைப்பாதையிலேயே கிடக்கிறது. 1 மீட்டர் உயர 20 மீட்டர் நீளச் சாலை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 800 மீட்டர் ஏற எத்தனை கிலோமீட்டர்? 16. அவ்வளவு நீளத்தை நேராகப் போட மலையில் ஏது இடம்? மடித்து மடித்துப் போட்டதுதான் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று சொன்னால், தினமும் அதைப் பார்க்கிற பிள்ளைக்குச் சரிவு விகிதம் தானாகப் புரிந்துவிடும்.

4. "எப்போது கூப்பிட்டாலும் வருவேன்" என்று எழுதவே கூடாது, அதை நம்பி யாரும் கால அட்டவணை போட முடியாது. "மாதத்தில் இரண்டாவது, நான்காவது வியாழன், காலை 11 முதல் 12.30 வரை" என்று கிழமையும் மணியும் போடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களையும், ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா நாட்களையும் முன்கூட்டியே தவிர்த்து எழுதினால், "இவர் விவரம் தெரிந்தவர்" என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடலாம் என்பதால், "வர முடியாத நாளில் முதல் நாள் மாலையே போன் செய்வேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

5. மலையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் உண்டு, பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. உறைவிடப் பள்ளி என்றால் பிள்ளைகள் சாயங்காலமும் சனிக்கிழமையும் விடுதியிலேயே இருப்பார்கள். அந்த நேரத்தைக் கேட்டால், யாருடைய பாட வேளையையும் பிடுங்க வேண்டியதில்லை என்பதால் அனுமதி கிடைப்பது சுலபம். ஒரே குறிப்பை இரண்டு வகைப் பள்ளிக்கும் கொடுக்காமல், நேரத்தை மட்டும் மாற்றி இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

6. அனுமதி எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்பதைத் தலைமையாசிரியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பள்ளி எந்தத் துறைக்குக் கீழே இருக்கிறதோ அதைப் பொறுத்து அது மாறும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு பிரதி போகட்டும். மத்திய அரசு 2021 செப்டம்பரில் புதுப்பித்துத் தொடங்கிய வித்யாஞ்சலி தளத்திலும் (vidyanjali.education.gov.in) தன்னார்வலர் பதிவு செய்யலாம். ஆனாலும் நேரில் ஒரு தடவை போய் முகம் காட்டுவதற்கு ஈடு கிடையாது.

7. பெற்றோருக்கும் பள்ளிக்கும் மனதில் இருக்கிற கேள்விக்கு அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் எழுதிவிடுங்கள். "வகுப்பில் ஓர் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும், பிள்ளைகளைப் போட்டோ எடுக்க மாட்டேன், காவல்துறை நன்னடத்தைச் சான்று தரத் தயார்" என்ற மூன்றும் இருந்தால், பேச்சு பாதி முடிந்த மாதிரி. வயசான மனுஷரை இப்படியெல்லாம் கேட்பார்களா என்று கோபப்படாதீர்கள், கேட்கிற பள்ளிதான் நல்ல பள்ளி.

8. பணத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள்: "சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் செய்முறைப் பொருளும் என்னுடையது." பொருள் என்றால் பெரிய செலவில்லை, டார்ச் செல், ஒயர் துண்டு, சின்ன எல்இடி பல்பு, பழைய அட்டைப்பெட்டி போதும். ஒரு செல்லில் (1.5 வோல்ட்) வெள்ளை எல்இடி எரியாது, இரண்டைத் தொடராக வைத்தால் எரியும். ஏன் என்று கேட்டே ஒரு வகுப்பை ஓட்டிவிடலாம். சிவப்பு எல்இடிக்கு வோல்ட் குறைவாகவே போதும் என்பதால் அதை நேரடியாக இரண்டு செல்லில் மாட்டினால் கெட்டுப்போகலாம், நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். வீட்டு மின்சாரத்தில் செய்முறை கிடையாது என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

9. மேலே சொன்னதையெல்லாம் சேர்த்தால் குறிப்பு இப்படி வரும், பெயரையும் போன் நம்பரையும் போட்டுக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நான் மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 63, நாமக்கல்லில் இருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவர்கள் பாடப் புத்தகத்தில் உள்ள மின்சாரப் பகுதியை டார்ச் செல்லை வைத்துச் செய்து காட்டிச் சொல்லித் தர விரும்புகிறேன். மாதத்தில் இரண்டாவது, நான்காவது வியாழன், காலை 11 முதல் 12.30 வரை, ஜனவரி முதல் மார்ச் வரை வர முடியும். வர முடியாத நாளில் முதல் நாள் மாலையே போன் செய்வேன். வகுப்பில் ஓர் ஆசிரியர் உடன் இருக்கட்டும். பிள்ளைகளைப் போட்டோ எடுக்க மாட்டேன், காவல்துறை நன்னடத்தைச் சான்று தரத் தயார். வீட்டு மின்சாரத்தில் செய்முறை கிடையாது. சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் செய்முறைப் பொருளும் என்னுடையது. முதலில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். பார்த்துவிட்டு, தொடரலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்."

10. மேலே உள்ளதில் "ஜனவரி முதல் மார்ச் வரை" என்று முடிவு தேதி போட்டிருப்பதைக் கவனியுங்கள். மூன்று மாதம் என்று சொல்லி வருபவரைப் பள்ளி தைரியமாகச் சேர்த்துக்கொள்ளும், உடம்புக்கு முடியாமல் நின்றாலும் யாருக்கும் சங்கடம் இல்லை. அவருக்குப் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகும் நீட்டிக்க என்ன தடை?

11. கொடுப்பதற்கு முன் வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை யாரிடமாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அது தடுக்கி நிற்கிற சொல் ஒவ்வொன்றையும் மாற்றுங்கள். பிள்ளைக்குப் புரிந்தால் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும் அதே பேப்பர் உதவும்.

12. வளைவு ஏறினால் தலை சுற்றுகிறவர் காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல், பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு துண்டு இஞ்சியை மெல்லட்டும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் இதே குறிப்பை மலையடிவாரத்துக் காரவள்ளிப் பக்கத்திலோ சேந்தமங்கலத்திலோ உள்ள பள்ளியில் கொடுங்கள்.