கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

பனமரத்துப்பட்டிப் பக்கத்து மில்லில் ஒருவருக்கு நாள் கூலி 600 ரூபாய். சர்வீஸ் 8 வருடம் 7 மாதம். ஆர்டர் இல்லை என்று நிறுத்தும் முதலாளி, “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்கிறார். எழுதாதீர்கள்!

வேலை இல்லாமல் நிறுத்துவது ஆட்குறைப்பு. ஒரு வருடம் தொடர்ந்து உழைத்தவருக்குக் காரணத்தைச் சொல்லி ஒரு மாத எழுத்து நோட்டீஸ் தரவேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம். கூடவே வருடத்துக்கு 15 நாள் கூலி இழப்பீடு. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு வருடமாகும் என்பதால் இவருக்கு 9 வருடம்: 9 x 15 x 600 = 81,000 ரூபாய். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இதே அளவுதான்.

ராஜினாமா என்றால் இந்த 81,000 போச்சு. ஐந்து வருடம் தாண்டியவருக்குப் பணிக்கொடை மட்டும், ராஜினாமா செய்தாலும் உண்டு. அது தனிக் கணக்கு.

ஒழுங்கீனத்துக்கான பணிநீக்கத்தில் இழப்பீடு கிடையாது. ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரித்து, உங்கள் பதிலைக் கேட்டிருக்க வேண்டும்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? மறுநாளே பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்பி, சேலத்தில் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டும் பி.எஃப். பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். சர்வீஸை நிரூபிக்க அவைதான் உதவும்.