‘இல்லை’ என்று சொன்னால் எப்போது நம்பலாம்?

வரிசைப்படுத்திய அரே ஒன்று, ஓர் இலக்கு எண். கூட்டினால் அந்த இலக்கு வரும் ஜோடி அரேயில் இருக்கிறதா? இரு முனைகளிலும் பாயின்டரை வை, கூட்டுத்தொகை குறைந்தால் இடது பாயின்டரை முன்னே தள்ளு, கூடினால் வலது பாயின்டரைப் பின்னே இழு. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் முறை இது. இளம் புரோகிராமர்களின் கோடைப் படித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இதை எழுதத் தெரிந்த பலருக்கு, இது ஏன் சரி என்று சொல்ல வருவதில்லை. காரணம் தெரியாமல் எழுதும்போது, முறையை எங்கே லேசாக மாற்றினாலும் உடைந்துவிடுகிறது.

```
def pair(a, t):
    lo, hi = 0, len(a) - 1
    while lo < hi:
        s = a[lo] + a[hi]
        if s == t: return lo, hi
        if s < t: lo += 1
        else: hi -= 1
    return None
```

இந்த கோட் இரண்டு விதமான பதில் சொல்கிறது. ‘இருக்கிறது’ என்று சொன்னால் அதைச் சோதிக்கவே வேண்டாம். கூட்டிப் பார்த்து, இலக்குக்குச் சமமாக இருந்தால்தான் அந்த வரிக்கே போகும். அரே கன்னாபின்னாவென்று கலைந்து கிடந்தாலும் அந்தப் பதில் உண்மைதான். சந்தேகப்பட வேண்டியது ‘இல்லை’ என்ற பதிலை மட்டும். 7 எண்களில் 21 ஜோடிகள் உண்டு. இந்த முறை அதிகபட்சம் 6 ஜோடிகளைத்தான் பார்க்கிறது. மீதியைப் பார்க்காமலேயே ‘இல்லை’ என்று சொல்ல அதற்கு என்ன உரிமை?

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். அரே 2, 3, 5, 8, 11, 14, 20. இலக்கு 19. முதலில் 2 + 20 = 22, அதிகம், எனவே 20 வெளியே. 2 + 14 = 16, குறைவு, எனவே 2 வெளியே. 3 + 14 = 17, குறைவு, 3-உம் வெளியே. 5 + 14 = 19, கிடைத்துவிட்டது.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நிறுத்திக் கேட்டான்: “அண்ணா, 20-ஐ முதல்லயே தூக்கிட்டோம். அப்புறம் இந்தப் பக்கம் நகர்ந்து 3-க்கு வந்துட்டோம். ஒருவேளை 3-க்கு ஜோடி அந்த 20-ஆ இருந்தா? திரும்பிப் போகவே மாட்டோமே?”

கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். 20-ஐத் தூக்கியபோது நாம் பார்த்தது ஒரு ஜோடியைத்தான், ஆனால் தீர்ந்தது 20 சேரும் எல்லா ஜோடிகளும். அப்போது இருந்த எண்களிலேயே சிறியது 2. அதோடு சேர்ந்தே 20 இலக்கைத் தாண்டிவிட்டது. மற்ற எண்கள் எல்லாம் 2-ஐ விடச் சிறியவை அல்ல. ஆகவே 3-உடன் சேர்ந்தால் 23, இன்னும் தூரம். எதிர்ப்பக்கமும் இதே நியாயம்தான். 2-ஐ வெளியேற்றும்போது மிச்சமிருந்தவற்றில் பெரியது 14. அதோடு சேர்ந்தும் 16-தான் வருகிறது என்றால், வேறு எதோடு சேர்ந்தும் 2-க்கு வழியில்லை. 20-உடன் அதன் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

எனவே லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வாக்கியம் உண்மையாகவே இருக்கிறது: விடை உண்டென்றால் அதன் இரு எண்களும் `lo` முதல் `hi` வரை உள்ள பகுதிக்குள்தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகுதி ஓர் எண் சுருங்குகிறது. கடைசியில் ஒரே எண் மிஞ்சினால் அதில் ஜோடி இல்லை. ‘இல்லை’ சொல்லும் உரிமை அப்போதுதான் வருகிறது. கோடைப் பார்க்கும்போது நான் தேடுவதும் இந்த வாக்கியத்தைத்தான். எந்த வரியில் அது பொய்யாகிறதோ அங்கேதான் பிழை.

அதிகம் கண்ணில் படுவது வரிசையே தவறாக இருப்பது. ஜாவாஸ்கிரிப்டில் `sort()` என்று வெறுமனே எழுதினால், எண்களையும் எழுத்துச் சரங்களாக்கி அகராதி முறைப்படி அடுக்கும். 9, 10, 1, 2 என்பது 1, 10, 2, 9 ஆகிவிடும். இதில் இலக்காக 3, 10, 12, 19 எதைக் கொடுத்தாலும் சரியான ஜோடி வரும்! 11 கொடுத்துப் பாருங்கள். 1 + 9 = 10, குறைவு, 1 போகிறது. 10 + 9 = 19, அதிகம், 9 போகிறது. 10 + 2 = 12, அதிகம், 2 போகிறது. முடிந்தது, ‘இல்லை’. உண்மையில் 1 + 10, 2 + 9 என்று இரண்டு ஜோடிகள் இருந்தன. கையால் நாலு இலக்கைக் கொடுத்துப் பார்த்து, ஓடுகிறது என்று திருப்திப்படுபவர் இதைப் பிடிக்கவே மாட்டார். `sort((x, y) => x - y)` என்று எழுதினால் சரியாகிவிடும்.

ஜாவாவில் வேறொரு வகை உண்டு. அரே 1000000000, 1100000000, 2000000000, இலக்கு 2100000000. முதல் இரண்டையும் கூட்டினால் விடை வந்துவிடும். ஆனால் லூப் முதலில் 1000000000-ஐயும் 2000000000-ஐயும் கூட்டுகிறது. `int` தாங்கும் உச்சம் 2147483647 என்பதால் கூட்டுத்தொகை சுற்றிக்கொண்டு -1294967296 ஆகிறது. ‘குறைவு’ என்று எண்ணித் தேவையான எண்ணையே வெளியே தள்ளிவிடுகிறது. வரிசையில் குற்றமில்லை, ஒப்பீடுதான் பொய். கூட்டுவதற்கு முன்பே ஒன்றை `long` ஆக்க வேண்டும். கூட்டுத்தொகையே பொய்யாகும் இந்த நிலையில் ‘இருக்கிறது’ என்பதையும் நம்ப முடியாது.

`lo < hi` என்பதற்குப் பதில் `lo <= hi` எழுதுவது சின்ன விஷயம் போலத் தெரியும். 1, 4, 9 என்ற அரேயில் 8-ஐத் தேடினால் கடைசியில் இரு பாயின்டரும் 4-இல் வந்து நிற்கும். 4 + 4 = 8, ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும். அரேயில் இருப்பதோ ஒரே ஒரு 4.

ஒரு ஜோடி போதாது, எத்தனை ஜோடி என்று எண்ண வேண்டும் என்றால் கவனம் தேவை. சமமாக வந்தவுடன் இரு பாயின்டரையும் நகர்த்துவது பலருடைய வழக்கம். எண்கள் திரும்ப வராதவரை அது சரி, ஏனெனில் ஓர் எண்ணுக்குத் துணை ஒன்றுதான். 3, 3, 5, 5 என்ற அரேயில் 8-க்கு இட வாரியாக நான்கு ஜோடிகள் உண்டு. அப்படி நகர்த்தினால் இரண்டுதான் எண்ணப்படும். 3 எத்தனை, 5 எத்தனை என்று எண்ணிப் பெருக்க வேண்டும். 4, 4, 4 போல இருபுறமும் ஒரே எண்ணாக இருந்தால் பெருக்கலும் உதவாது. அங்கே k எண்களுக்கு k(k−1)/2.

சோதிப்பதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். இரட்டை லூப் போட்டு எல்லா ஜோடிகளையும் பார்க்கும் மந்தமான கோடை எழுதி, இரண்டின் பதிலையும் ஒப்பிடுங்கள். அரே இப்படி இருக்கட்டும்:

```
n = random.randint(0, 6)
a = sorted(random.randint(-3, 3) for _ in range(n))
t = random.randint(-7, 7)
```

எண்கள் வேண்டுமென்றே சிறியவை. லட்சக்கணக்கில் எடுத்தால் ஒரே எண் திரும்ப வருவதும், ஓர் எண்ணின் இரட்டிப்பே இலக்காக அமைவதும் அரிது. `<=` பிழை ஒளிந்துகொள்ளும். இந்த அளவில் சில ஆயிரம் சுற்றுகளுக்குள் மாட்டிக்கொள்ளும். காலி அரேயும் ஒற்றை எண் அரேயும் தாமாகவே வந்துவிடும். `int` வழிதலை மட்டும் இது காட்டாது, அதற்குப் பெரிய எண்களைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சோதிப்பவர்கள் வீச்சை 12 வரை நீட்டிக்கொள்ளுங்கள். -3 முதல் 3 வரை வைத்தால், அகராதி வரிசை சிக்கலாக்குவது குறை எண்களை மட்டும்தான். 10 வந்தால்தான் நேர் எண்களும் இடம் மாறும்.