கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஓட்டலில் சரக்கு இறக்கும் வாசலில் உன்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். காலை ஆறு மணிக்கு வண்டி வந்ததும் எதைப் பார்ப்பது என்று புரியாமல் முழிக்கிறாயாம். இருபது வருடமாக நான் செய்யும் வேலை அது. கோழியையும் பாலையும் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன். அரிசி மூட்டையில் ஏமாந்தால் பணம்தான் போகும். இவற்றில் ஏமாந்தால் சாப்பிட்டவர் படுத்துவிடுவார்.

வண்டி வருவதற்கு முன்பே தெர்மாமீட்டரைச் சோதித்துவிடு. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடுக்கெல்லாம் நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கு. கம்பியின் முனை டம்ளரைத் தொடாமல் நடுவில் நிற்கட்டும். இரண்டு நிமிடத்தில் 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிக் காட்டினால் அன்றைக்கு அதை நம்பாதே. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் கருவியும் அங்கே இருக்கும். அது மேல்தோலின் சூட்டை மட்டுமே சொல்லும்.

மேல்தோல் எப்படி ஏமாற்றும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் நான்கு கிரேட் கோழி வந்தது, கிரேட்டுக்கு 10 கிலோ. வண்டியின் திரை 3 டிகிரி என்றது. கோழியின் மேல் ஐஸ் தூவியிருந்தது, தொட்டால் கை விறைத்தது. உள்பக்கம் இருந்த இரண்டு கிரேட்டில் நெஞ்சுக்கறியின் தடித்த இடத்தில் கம்பியை இறக்கினேன். இரண்டிலும் 4 டிகிரி. கதவோரம் இருந்த இரண்டிலும் இறக்கினேன். ஒன்றில் 9, இன்னொன்றில் 10. எங்களுக்கு முன் ஐந்து கடைகளில் கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள். திரை சொல்வது வண்டிக்குள் இருக்கும் காற்றின் குளிரை, அதுவும் அந்த நிமிடத்துக் குளிரை. சூடேறிய கறியின் மேல் ஐஸைக் கொட்டினால் தோல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், நடுக்கறி குளிர நேரமாகும். அதனால் எப்போதும் உள்ளே ஒரு கிரேட், கதவோரம் ஒரு கிரேட் என்று பார்.

குளிரூட்டி வரும் இறைச்சியும் பாலும் 5 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். உறைய வைத்தது மைனஸ் 18. “நல்லா வேகவெச்சா எல்லாம் சரியாயிடும்” என்று அன்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். கிருமி பெரும்பாலும் செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சூட்டில் பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. இப்போது 9 காட்டும் கறி வழியில் எந்த அளவுக்கு ஏறியது, எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தது என்று நம்மால் சொல்லவே முடியாது. 20 கிலோவைத் திருப்பி அனுப்பினேன்.

உறைந்த கறியில் இன்னொன்றையும் பார். பாக்கெட்டுக்குள் பெரிய பெரிய ஐஸ் பூத்து, அடியில் சிவந்த நீர் தகடாக உறைந்திருந்தால், அது ஒரு முறை இளகி மறுபடி உறைந்தது. அன்றைக்கு மைனஸ் 18 காட்டினாலும் வாங்காதே.

பால் பாக்கெட்டைக் குத்தாதே. இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே கம்பியை வைத்து, இரண்டையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அளவைப் பார். பாலை முதலிலும் கோழியைக் கடைசியிலும் அள. ஒவ்வொரு முறையும் முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. தேதியை மேலே இருக்கும் பாக்கெட்டில் மட்டும் பார்த்துவிட்டு நகராதே. டப்பின் அடியில் கைவிட்டு ஒன்றை எடு, பழைய சரக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். தேதி இன்றைக்குள் முடியாமல் இருந்தால் போதாது, நீங்கள் அதைத் தீர்க்கும் நாள் வரைக்கும் தாங்க வேண்டும். பனீர் பாக்கெட் உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு விட்டிருக்கிறது. தேதி பத்து நாள் மீதம் இருந்தாலும் திருப்பிவிடு. முத்திரை கசிந்தாலும் அப்படியே.

திருப்புவதைப் பில்லிலேயே எழுது: “கோழி 20 கிலோ திருப்பம், நடுக்கறி 9, 10 டிகிரி, காலை 6.20.” டிரைவர் அதில் கையெழுத்துப் போடட்டும், அதன் பிறகு நீ போடு. சரக்கு குறைகிறது என்று உடனே மாஸ்டருக்கும் சொல்லிவிடு, மத்தியான மெனுவை அவர் மாற்ற நேரம் வேண்டும். எடுத்துக்கொண்டதை வாசலில் வைத்துப் பேசிக்கொண்டிருக்காமல் முதலில் கூலரில் ஏற்று.

முதல் வாரம் நீ எடுக்கும் அளவுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை எனக்கு அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்