இருமொழி விளம்பரத்தை அமைக்கும் முறை

சங்கத்தின் மகாசபைக் கூட்ட விளம்பரம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவருமிடத்து, ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் அதனை அடுத்தே அதன் ஆங்கிலத்தையுமாக மாற்றி மாற்றி எழுதுவதுண்டு. அவ்விதம் எழுதினால், ஒரு மொழி மாத்திரம் அறிந்த அங்கத்தினர் தமக்கு விளங்காத வரிகளைத் தாண்டித் தாண்டியே படிக்க வேண்டும். கூட்ட நேரம் அவர் கண்ணுக்குத் தப்பினால், வோட்டெடுப்பு முடிந்த பின்னரே அவர் வந்து சேர நேரிடும்.

ஆகையால் முக்கிய விவரங்கள் நான்கினையும் தலைப்பின் கீழ் ஒரு கட்டத்துள் அமைத்தல் வேண்டும். இடப்புறம் தமிழும் வலப்புறம் ஆங்கிலமும் நிற்க, ஒவ்வொரு விவரமும் இரு மொழியிலும் ஒரே வரிசையில் வருதல் வேண்டும். தமிழ்ப் பகுதி பின்வருமாறு அமையலாம்:

நாள்: 2026 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 10 மணி
இடம்: சங்கக் கட்டிடம்
கொண்டுவர வேண்டியது: அங்கத்தினர் அட்டை

இங்கு மாதத்தின் பெயரை எழுத்தாலேயே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. 7-6-2026 என்று எண்களால் மட்டும் எழுதினால், அமெரிக்க வழக்கில் பழகியவர் அதனை ஜூலை 6 என்று கொள்ளக்கூடும். கிழமையும் உடனிருப்பது மற்றொரு காவலாகும். ஜூலை 6 திங்கட்கிழமையாதலால், ஞாயிறு என்பதைக் கண்டவுடன் பிழை வெளிப்படும்.

கூட்டத்தின் நோக்கம், விவாதிக்கப்படும் விஷயங்கள் முதலிய விரிவான பகுதியைக் கட்டத்தின் கீழே முதலில் தமிழில் முழுமையாகவும், பின்னர் ஆங்கிலத்தில் முழுமையாகவும் தருதல் நலம். தாள் குறுகியதாயிருந்து கட்டத்தை இரண்டாகப் பிரிக்க இயலாவிடில், கட்டத்தையும் இவ்வாறே மேலும் கீழுமாக அமைக்கலாம். அப்பொழுது ஆங்கிலப் பகுதி கீழே உள்ளது என்பதை உச்சியில் ஆங்கிலத்தில் ஒரு வரியால் அறிவித்தல் அவசியம்.

தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைவிட நீண்டவை. ஆகவே கட்டத்தைச் சரிபாதியாகப் பிரியாது, ஐந்தில் மூன்று பங்கு அகலத்தைத் தமிழுக்கு ஒதுக்கலாம். எழுத்தின் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே சற்று அதிக இடமும் விடுதல் வேண்டும். ஆங்கிலத்திற்போல் பெரிய எழுத்து என்பது தமிழில் இல்லையாதலால், முக்கியமானதைத் தடித்த எழுத்தால் இரு பகுதியிலும் ஒன்றுபோலக் காட்டுவதே ஒழுங்கு.

கூட்டம் ஒத்திவைக்கப்படுங்கால் ஒரு பகுதியில் நாளைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவது சாதாரணமாக நேரும் தவறு. கட்டத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வேற்றுமை உடனே புலப்படும். அச்சிடுமுன் தமிழ் மட்டும் அறிந்த ஒருவரிடமும் ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவரிடமும் தனித்தனியே பிரதியைக் கொடுத்து, அந்நான்கு விவரங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இருவர் விடையும் மாறுபட்டால் வாசகத்திற் பிழை உண்டு. விடை ஒன்றாயிருந்தும் எவரேனும் தேடித் திகைத்தால் அமைப்பிற் குறை உண்டு என்று அறிந்து திருத்துதல் வேண்டும்.