177 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: என் வங்கிக் கணக்கிலிருந்து 177 ரூபாயும் 17.70 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். எதற்கு?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: இரண்டு தொகையையும் 1.18ஆல் வகுத்துப் பாருங்கள், சகோதரி. 150, 15 என்று முழு எண்ணாக வரும். மீதி 27 ரூபாயும் 2.70 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி. சில வங்கிகள் இந்த வரியை `CGST`, `SGST` என ஒன்பது ஒன்பது சதவீதமாகத் தனித்தனியே காட்டும்.

17.70க்கு எதிரே `SMS CHRG` என்றிருந்தால் அது குறுஞ்செய்திக் கட்டணம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பார்கள்.

177க்கு எதிரே `AMB` அல்லது `MIN BAL` என்றிருந்தால் அது குறைந்தபட்ச இருப்பு அபராதம். பல வங்கிகள் மாத சராசரியைத்தான் பார்க்கின்றன. பத்து நாள் 5,000, இருபது நாள் 200 இருந்தால் சராசரி 1,800. வங்கி கேட்பது 2,000 என்றால் குறைவு 200 மட்டுமே. குறைவுக்கு ஏற்பத்தான் அபராதம் என்பது 2015 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. முன்கூட்டியே தெரிவித்து ஒரு மாத அவகாசமும் தர வேண்டும். அபராதத்தால் மட்டும் இருப்பு மைனஸுக்குப் போகக்கூடாது.

இவற்றில் எது மீறப்பட்டிருந்தாலும் கிளையில் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` வழியே அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.