அடிவாரம் என்று பெயர் வைத்தோம்

சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கே போவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஏற்காடு ரோடு. கோரிமேடு தாண்டினால் அடிவாரம், அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் குழுவும் அந்த ரோட்டில் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துச் சேர்ந்ததுதான். வாட்ஸ்அப்பில் யாரோ ‘சண்டே ரைட்’ என்று போட்டிருந்தார்கள். ஜெர்சி அடிக்கலாம் என்ற பேச்சு வரும்வரை அது யாரையும் உறுத்தவில்லை. காசு கொடுத்து வாங்கும் சட்டையில் அதை எழுதிக்கொள்ள மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பெயர் கேட்டதும் குரூப்பில் வந்து கொட்டியது. ஊர்ப் பெயரோடு ஈகிள்ஸ், வாரியர்ஸ், ரைடர்ஸ், கிங்ஸ். இவை எதுவும் தப்பான பெயர் இல்லை. ஆனால் கபடி டீமுக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட் டீமுக்கும் அப்படியே பொருந்தும். அதிலும் ‘ரைடர்ஸ்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பைக் என்றால் நமக்கு மோட்டார் வண்டிதான். ‘ரைடர்ஸ் குரூப்’ என்று சொன்னதும் அடுத்த கேள்வி “என்ன வண்டி வெச்சிருக்கீங்க, புல்லட்டா?” என்று வரும். பெயரைச் சொல்லிவிட்டு விளக்கமும் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பெயரால் என்ன பயன்?

நான் அப்போது இரண்டு வெளிநாட்டுப் பெயர்களைக் குரூப்பில் போட்டேன். பிரான்ஸில் 1972 முதல் ‘கிளப் தே சான் கோல்’ என்று ஒரு சங்கம் இருக்கிறது. நூறு கணவாய்க் கழகம் என்று சொல்லலாம். நூறு மலைக் கணவாய்களைச் சொந்தக் காலால் மிதித்துக் கடந்தவர்தான் உறுப்பினராக முடியும். இங்கிலாந்தில் 1955-இல் தொடங்கிய ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ இன்னொன்று. தார் ரோட்டை விட்டுவிட்டுக் கரடுமுரடான மலைத்தடங்களில் சைக்கிளை ஓட்டியும் தள்ளியும் தோளில் சுமந்தும் போகிறவர்கள். ஒரு பெயர் உள்ளே வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. மற்றது உள்ளே வந்தால் என்ன படுவாய் என்று சொல்கிறது. ஈகிள்ஸ் இரண்டையும் சொல்வதில்லை.

இதைப் பார்த்ததும் வந்த பெயர்தான் ‘இருபது வளைவு’. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊருக்குரியது, கணக்கு சரி, வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். குழுவில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அப்போது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா கேட்டார்: “நான் அஞ்சாவது வளைவுல திரும்பிடுவேனே, எனக்கு அந்தச் சட்டை உண்டா, இல்லையா தம்பி?”

யாரும் பதில் சொல்லவில்லை. நூறு கணவாய்க்காரர்களுக்குப் பெயரில் உள்ள எண்தான் நிபந்தனை. அந்த வடிகட்டலை வேண்டுமென்றேதான் பெயரில் வைத்தார்கள். எங்களிடம் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. மேலே ஒண்டிக்கடை வரை போகிறவர்கள் சிலர்தான். பாதியில் திரும்புகிறவர்கள் பலர். கியர் இல்லாத சைக்கிளில் அடிவாரம் வரை வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெரியவரும் உண்டு. பெயரில் எண்ணோ உயரமோ தூரமோ வந்தால் அது தகுதித் தேர்வாகிவிடும். அப்படி ஒரு தேர்வு குழுவில் நிஜமாகவே இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் புதிதாக வர நினைப்பவர் பெயரைப் படித்ததும் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுவார்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். நாம் எல்லோரும் தவறாமல் செய்கிற ஒரே காரியம் என்ன? குரூப்பில் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தபோது பதில் அங்கேயே கிடந்தது. ‘அடிவாரம் 5.30’, ‘அடிவாரத்துல வெயிட் பண்றேன்’, ‘அடிவாரம் வந்தாச்சா?’ எந்த வளைவில் திரும்பினாலும் எல்லோரும் வந்து சேர்கிற இடம் அது. பெயர் தேடுகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான். அகராதியைத் திறக்காதீர்கள், உங்கள் குரூப்பின் பழைய பேச்சைத் திறங்கள். அடிக்கடி வருகிற சொல் ஒரு டீக்கடையாக இருக்கலாம், ஒரு பாலமாக இருக்கலாம், எப்போதும் லேட்டாக வருகிற ஆளைக் கிண்டல் செய்யும் வார்த்தையாகக்கூட இருக்கலாம். ஆளைக் கிண்டல் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஆள் போய்விட்டால் பெயருக்குப் பொருள் போய்விடும்.

எதிர்ப்பும் வந்தது. “மேல ஏறுறவனுக்கு அடிவாரம்னு பேரா?” என்று ஒரு தம்பி கேட்டான். இன்னொரு குறை நியாயமானது: இடத்தின் பெயரும் குழுவின் பெயரும் ஒன்றானால் குழப்பம் வரும். வரத்தான் செய்தது. சந்திக்கும் இடத்தை இப்போது ‘செக்போஸ்ட்’ என்று எழுதுகிறோம். அந்தத் தம்பிதான் பிறகு எல்லோரையும்விட முதலில் ஜெர்சிக்குப் பணம் கட்டினான்.

வாட்ஸ்அப்பில் குரூப் பெயருக்கு 100 எழுத்துவரை இடம் உண்டு. ஆனால் போனில் அரட்டைப் பட்டியலில் தெரிவது ஒரே வரி. மிச்சம் மூன்று புள்ளிகளாகிவிடும். ஊர்ப் பெயரில் தொடங்கும் பெயர்களுக்கு இதுதான் ஆபத்து. ‘சேலம் மாவட்ட...’ என்று தொடங்கும் குரூப்புகள் ஒவ்வொருவர் போனிலும் ஏற்கெனவே நாலைந்து இருக்கும், குடியிருப்போர் சங்கத்தில் ஆரம்பித்து. உங்களுக்கே உரிய சொல் முதலில் வர வேண்டும். பின்னால் இன்னொரு சொல் சேர்க்கவும் அது தோதாக இருக்க வேண்டும். ‘அடிவாரம் அறிவிப்பு’, ‘அடிவாரம் கொல்லிமலை’ என்று கிளைக் குரூப்புகள் திறக்கும்போது இதன் அருமை தெரியும். தமிழ் கீபோர்டு வைத்துக்கொள்ளாதவர்கள் தேடும்போது பெயர் அகப்படாது என்பது நடைமுறைத் தொல்லை. ‘அடிவாரம் Adivaram’ என்று இரண்டையும் போட்டு, ஆங்கில எழுத்தில் ஒரே ஸ்பெல்லிங் என்று முடிவு செய்தோம். குரூப் படத்தில் முழுப்பெயரைத் திணிக்கவில்லை. அது வட்டமாக, கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அதில் ‘அ’ ஒன்றே போதும்.

மலையேற்றக் குழுக்களுக்கு இன்னொரு சோதனையும் சொல்வேன். 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற அனுமதியில் கெடுபிடி அதிகம். வனத்துறை அலுவலகத்தில் உங்கள் குழுவின் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘வேட்டை’, ‘படை’ என்றெல்லாம் வருகிற பெயருக்கு அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் எப்படிப்பட்ட புருவம் உயரும் என்று உடனே புரிந்துவிடும்.

இனி ஜெர்சி. உண்மையான பரீட்சை இங்கேதான்.

சைக்கிள் ஜெர்சிகள் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் அடிக்கப்படுகின்றன. வடிவத்தைத் தாளில் அச்சடித்து, வெள்ளை பாலியெஸ்டர் துணியில் சூடாக அழுத்தி ஏற்றி, பிறகு துண்டு துண்டாகத் தைப்பார்கள். அதாவது உங்கள் பெயர் ஒரே துணியில் உட்காராது. முன்பக்கம் நடுவில் ஜிப் ஓடும். எங்கள் பெயர் ஐந்து எழுத்து, நடு எழுத்து ‘வா’. நேர் நடுவில் வைத்தால் ஜிப் ‘வா’வை இரண்டாகக் கிழிக்கும். கொஞ்சம் நகர்த்தி ‘அடி’ ஒரு பக்கம், ‘வாரம்’ மறு பக்கம் என்று வைத்தோம். ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு வருகிறவனுக்கு ‘வாராவாரம் அடி’ என்று பேர் வந்தது வேறு கதை. ஜிப்பில் வெட்டுப்பட்டாலும் இரு பாதிகளும் படிக்கும்படி நிற்கிற பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் இடது மார்பில் சிறியதாக வைத்துவிடுவது நல்லது.

உண்மையில் முன்பக்கத்தை யாரும் படிப்பதில்லை, போட்டோவில் தவிர. ஓட்டும்போது குனிந்திருப்போம், மார்பு தரையைப் பார்க்கும். பின்னால் வருகிறவர் பார்ப்பது முதுகை. அதிலும் தோள்பட்டைக்கு நடுவில் எழுதினால், குனிந்த முதுகில் அது வானத்தைப் பார்க்கும். கண்ணுக்கு நேராக இருப்பது இடுப்புக்கு மேலே, மூன்று பைகள் இருக்கிற பகுதி. ஆனால் பைக்குள் வாழைப்பழமும் பம்பும் போனைச் சுற்றிய பிளாஸ்டிக் கவரும் போனால் அங்கே எழுதிய எழுத்து உப்பிக் கோணும். பைகளின் வாய்க்குச் சற்று மேலே ஒரே வரியாக வைத்தது சரியாக வந்தது. நீளமான பெயர் அந்த வரியில் அடங்க வேண்டுமென்றால் எழுத்து சிறுத்துவிடும். தமிழில் எழுத்துகளை எண்ணிப் பயனில்லை, அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘ர’ நாலு வைக்கிற இடத்தில் ‘ணை’ இரண்டுகூட உட்காராது.

புள்ளி இன்னொரு கவலை. மெல்லிய எழுத்துருவில் சிறிய அளவில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி துணியில் கரைந்துவிடும். தடித்த எழுத்தென்றால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் இருந்த ‘ஏற்றம்’ என்ற பெயரை அப்படி அடித்துப் பார்த்தோம். சில அடி தள்ளி நின்று பார்த்தால் ‘ஏறறம’. அடிவாரத்தில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் கடைசியில். அது மங்கினாலும் ஆள் படித்துவிடுவார். பெயரைச் சரியான அளவில் வெள்ளைத்தாளில் அடித்து, ஒருவர் முதுகில் பின் குத்தி, அவரைச் சைக்கிளில் குனியவைத்து, ஒரு சைக்கிள் நீளம் பின்னால் நின்று படித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் சில ரூபாயோடு முடிந்துவிடும் வேலை.

அச்சகத்திலிருந்து மாதிரிப் படம் வந்தபோது ‘அடிவாரம்’ என்பதற்குக் கீழே இருந்த ‘சேலம்’ உடைந்திருந்தது. ‘ச’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாத அமைப்பில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் இப்படித்தான் ஆகும். ஒ, ஓ, எ, ஏ, ஐ வரிசை உயிர்மெய்கள் உள்ள பெயர்கள் எல்லாமே இந்த ஆபத்தில் இருக்கின்றன. வழி ஒன்றுதான்: எழுத்தாக அனுப்பாமல், நாமே கர்வ்ஸ் பண்ணி, படமாக அனுப்ப வேண்டும். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாக எழுதும். பெயரை அடித்து, Path மெனுவில் Object to Path கொடுத்து, PDF ஆகச் சேமித்தால் அதன் பிறகு யாராலும் கொம்பை நகர்த்த முடியாது. அச்சுக்குச் சம்மதம் சொல்லும் முன் இறுதிப் படத்தைக் குழுவில் தமிழாசிரியர் இருந்தால் அவரிடம் கொடுங்கள். எங்களிடம் ஒருவர் இருந்தார், ‘சேலம்’ உடைந்ததைப் பிடித்தது அவர்தான்.

போன வருஷம் எங்களில் சிலர் மலையேற்றம் என்று தனியாகப் போகத் தொடங்கினார்கள். ஜெர்சி வடிவத்தையே டீஷர்ட்டில் அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். முதுகில் பை தொங்கினால் அங்கே எழுதுவது வீண், பை வாரின் உரசலில் அச்சும் சீக்கிரம் தேயும். அவர்களுக்கு வலது சட்டைக்கையில் மேலிருந்து கீழாக, எழுத்துக்கு ஒரு வரியாக ஐந்து வரிகள் போட்டுக் கொடுத்தோம்.